மெக்சிகோ போகிற மோனார்க்: போனதும் திரும்பி வருவதும் ஒரே பூச்சி இல்லை என்றால் வழி எப்படித் தெரிகிறது?

செங்கோட்டைச் சேகர்

மகளின் அறிவியல் பாடத்துக்காக மோனார்க் வண்ணத்துப்பூச்சியைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தோம். ஒரு வீடியோவில், கனடாவிலிருந்து மெக்சிகோ வரை 4,000 கிலோமீட்டர் பறந்து போய், குளிர்காலம் முடிந்ததும் அதே பூச்சி வீடு திரும்புகிறது என்கிறார்கள். இன்னொன்றில் போவது ஒன்று, வந்து சேர்வது அதன் பேரப்பிள்ளைகள் என்று இருக்கிறது. இரண்டாவதுதான் சரி என்றால் எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, ஒவ்வொரு தலைமுறையும் கொஞ்சம் கொஞ்சம் தூரம் போகிறதா? இரண்டு, மெக்சிகோவைப் பார்த்தே இராத பூச்சி, பார்த்த யாரும் உயிரோடு இல்லாதபோது, அதே மலைக்கு எப்படிப் போகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

மதுரைவீரன்82

ரொம்ப சிம்பிள் சார். தொடர் ஓட்டம் மாதிரிதான். நாலு தலைமுறை, ஆளுக்குக் கால் பங்கு தூரம், கட்டையைக் கைமாற்றிவிட்டுச் செத்துப் போய்விடும். ஒரு வண்ணத்துப்பூச்சிக்கு ஆயுளே ஒரு மாதம்தான், அதற்குள் எங்கே மெக்சிகோ வரை போவது? இறக்கையில் குட்டி ஸ்டிக்கர் ஒட்டிக் கண்டுபிடித்திருக்கிறார்கள், அந்த ஸ்டிக்கர் படங்கள் நெட்டில் நிறைய கிடைக்கும்.

கோவை தோட்டக்காரி

இதற்கு மெக்சிகோ வரை போவானேன், எங்கள் ஊரிலேயே பார்க்கலாமே. கோடை மழை விழுந்த கையோடு கருநீலத்தில் வெளிர்நீலப் பட்டை போட்டவை கூட்டம் கூட்டமாக மலைப்பக்கமிருந்து கிழக்கே போகும். ஐப்பசி வாக்கில் மறுபடி மேற்கே வரும். நான் வேலியோரம் இரண்டு எருக்கஞ்செடியை வெட்டாமல் விட்டுவைத்திருக்கிறேன், அதில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று முட்டை வைக்கிறது. அதுதானே மோனார்க்? வரியெல்லாம் அப்படியே இருக்கிறது. படம் எடுத்துப் போடட்டுமா?

இலைப்புழு

தோட்டக்காரி அக்கா, படம் போடுங்கள், ஆனால் அது மோனார்க் இல்லை. எருக்கில் முட்டை வைக்கும் ஆரஞ்சுக்காரி அநேகமாக வெந்தய வரியன். மோனார்க்குக்கு நெருங்கிய சொந்தம்தான், இரண்டும் எருக்குக் குடும்பத்துச் செடியைத் தின்று வளர்கின்றன, அதனால்தான் உங்களுக்கு அப்படித் தெரிகிறது. கிழக்கே போகும் நீலக்கூட்டம் வேறு கதை. அதில் எத்தனை தலைமுறை, எது திரும்பி வருகிறது என்பதற்கு மோனார்க் அளவுக்கு வேலை நடக்கவில்லை. அதற்குத் தனி இழை போட்டால் நானும் வருகிறேன்.

மதுரைவீரன் சொன்னதில் பாதி சரி. வடக்கே வருவது தொடர் ஓட்டம்தான். தெற்கே போவது அப்படி இல்லை, ஒரே பூச்சி ஒரே மூச்சாகப் போகிறது. ஆளுக்குக் கால் பங்கு என்பதெல்லாம் கிடையவே கிடையாது, பங்கீடு படு அநியாயமாக இருக்கும்.

கிழக்கு வட அமெரிக்காவில், மின்னசோட்டாவில் என்று வைத்துக்கொள்வோம், ஆகஸ்ட் கடைசியில் கூட்டிலிருந்து வெளியே வருகிற ஒரு பெண் பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க அம்மா, பாட்டி மாதிரியேதான் இருப்பாள். ஆனால் அவள் புழுவாக இருந்தபோதே பகல் நாளுக்கு நாள் சுருங்கியிருக்கும், இரவு குளிர்ந்திருக்கும், தின்ற மில்க்வீட் என்கிற எருக்குக் குடும்பத்துச் செடியின் இலை முற்றிப் பழுத்திருக்கும். இதெல்லாம் சேர்ந்து அவள் உடம்பில் இனப்பெருக்க ஹார்மோனை அமுக்கி வைத்துவிடுகின்றன. அறுத்துப் பார்த்தால் வயிற்றில் முதிர்ந்த முட்டை ஒன்றுகூட இருக்காது. ஜூலையில் பிறந்த அக்கா இரண்டு முதல் ஆறு வாரத்தில் முட்டையிட்டு முடித்துப் போய்ச் சேர்ந்திருப்பாள். இவளோ எட்டு மாதம், ஒன்பது மாதம் வரை இருப்பாள்.

எடை அரை கிராம்தான். போகிற வழியெல்லாம் தேன் குடித்துக் கொழுப்பாக்கிச் சேர்த்துக்கொண்டு, சூடான காற்று மேலே எழும்பும் இடங்களில் ஏறி, இறக்கையை அதிகம் அடிக்காமல் சறுக்கிக்கொண்டு போவாள். அக்டோபரில் டெக்சாஸ். நவம்பர் முதல் வாரம், மெக்சிகோக்காரர்கள் இறந்தவர்களுக்குப் படையல் போடும் நாட்களை ஒட்டி, மிச்சோகான் மலைகளில் சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் ஓயமெல் என்கிற ஃபிர் மரக்காட்டுக்கு வந்து சேர்வாள். அங்கே கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டு மார்ச் வரை காலம் தள்ளுவாள். வெயில் ஏற ஏற இணைசேர்ந்து, வடக்கே கிளம்பி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து, டெக்சாஸ் பக்கம் புதிதாகத் துளிர்க்கும் மில்க்வீட்டில் முட்டையிட்டுவிட்டு அங்கேயே முடிந்துபோவாள்.

அந்த முட்டையிலிருந்து வந்த பிள்ளைகள்தான் மே, ஜூனில் மின்னசோட்டாவுக்கும் கனடா எல்லைக்கும் போய்ச் சேர்கின்றன. அதற்கடுத்த ஒன்றோ இரண்டோ தலைமுறை கோடை முழுக்க வடக்கிலேயே தின்று, முட்டையிட்டு, செத்துப் போகும். மெக்சிகோ என்று ஒன்று இருப்பதே அவற்றுக்குத் தேவையில்லை. அவற்றின் பிள்ளைகளுக்கு ஆகஸ்டில் மறுபடி அந்த அழைப்பு வரும். அதனால் உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: முழுச் சுற்றையும் முடிக்கிற பூச்சி என்று ஒன்று இல்லை, ஆனால் பெரும்பாரத்தைச் சுமப்பது இலையுதிர் காலத்தில் பிறக்கும் அந்த ஒரு தலைமுறைதான்.

மதுரைவீரன்82

அப்போ தொடர் ஓட்டம்தானே? ஒருத்தன் மூன்று சுற்று ஓடுகிறான், மற்றவன் ஒரு சுற்று. கட்டை கைமாறுகிறது இல்லையா, அதைத்தான் நானும் சொன்னேன்.

கேள்விநாயகம்

இலைப்புழு, கதை நன்றாக இருக்கிறது. ஆனால் "டெக்சாஸில் முடிந்துபோவாள்" என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கூடவே பறந்து பார்த்தார்களா? மதுரைவீரன் சொல்லும் ஸ்டிக்கர் தெற்கே போனதைத்தானே நிரூபிக்கும்? குளிர்காலத்தைத் தாக்குப் பிடித்த பூச்சி இன்னும் 2,000 கிலோமீட்டர் பறந்து மின்னசோட்டாவுக்கே போய்விடாது என்பதற்கு என்ன ஆதாரம்? மார்ச்சில் டெக்சாஸில் சில முட்டையிட்டுச் செத்திருக்கலாம், பலமானவை நேராக வடக்கே போயிருக்கலாம். மே மாதம் மின்னசோட்டாவில் பறக்கிற ஒன்றைப் பார்த்து அது அம்மாவா பிள்ளையா என்று யார் சொல்வது?

இலைப்புழு

இந்தச் சண்டை நிஜமாகவே நடந்தது. ஒரே வீச்சில் வருகின்றனவா, தலைமுறை தலைமுறையாக வருகின்றனவா என்று இரண்டு கட்சி இருந்தது.

ஸ்டிக்கரைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. டொராண்டோவில் ஃபிரெட் உர்க்கார்ட் என்பவர் பல பத்தாண்டுகள் அதே வேலையாக இருந்தார். முதலில் தபால்தலை மாதிரி பசை தடவிய காகிதம் ஒட்டிப் பார்த்தார், மழையில் உதிர்ந்துவிட்டது. அப்புறம்தான் இறக்கையின் முன்விளிம்பில் மடித்து ஒட்டும் வில்லைக்கு வந்தார். பூச்சிகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்பது 1975 ஜனவரியில்தான் அவருக்குத் தெரியவந்தது. அவருக்காக மெக்சிகோவில் தேடிக்கொண்டிருந்த கென் பிரக்கரும் கேத்தலினா அகுவாதோவும் அந்த மலைக்காட்டைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு உர்க்கார்ட் நேரில் போனபோது, பாரம் தாங்காமல் ஒடிந்து விழுந்த கிளையில் கிடந்த பூச்சிகளுக்கு நடுவே மின்னசோட்டாவில் வில்லை ஒட்டிய ஒன்று இருந்தது. தெற்குப் பயணம் அத்தோடு உறுதியாயிற்று. வடக்குப் பயணத்துக்கு வில்லை உதவவில்லை, ஏனென்றால் குளிர்காலத்துக்குப் பிறகு அவை சிதறிப் போய்விடுகின்றன, ஒன்று மறுபடி யார் கையிலாவது அகப்படுவது அபூர்வம்.

அதைத் தீர்த்தது விஷம். லிங்கன் பிரோவரும் அவர் கூட்டாளிகளும் செய்த வேலை, 1980களில் தொடங்கி 1993 கட்டுரையில் முழுசாக வந்தது.

மில்க்வீட் பாலில் இதயத்தைத் தாக்கும் ஒருவகை நஞ்சு இருக்கிறது. நம் எருக்கிலும் அதே இனத்து நஞ்சுதான். மோனார்க் புழு அதைத் தின்று உடம்பில் சேர்த்துக்கொள்கிறது, பறவை தின்றால் வாந்தி எடுக்கும். முக்கியமான விஷயம் இதுதான்: மில்க்வீட்டில் பல இனம் உண்டு, ஒவ்வொன்றிலும் இந்த நஞ்சுகளின் கலவை வேறு வேறு. இறக்கை முளைத்த பிறகு பூச்சி இலை தின்பதில்லை, தேன் மட்டும்தான். ஆகவே புழுப்பருவத்தில் எந்தச் செடியைத் தின்றதோ அதன் கலவை சாகும்வரை உடம்பில் தங்கிவிடுகிறது. பூச்சியை உலர்த்தி, அரைத்து, நஞ்சைப் பிரித்தெடுத்து, மெல்லிய பூச்சுள்ள தட்டில் ஒரு சொட்டு வைத்துக் கரைப்பானை ஏறவிட்டால், கலவையில் உள்ளவை வேறு வேறு உயரத்தில் புள்ளிகளாக நிற்கும். அந்தப் புள்ளி வரிசையைப் பார்த்து, இது எந்தச் செடியைத் தின்று வளர்ந்தது என்று சொல்லிவிடலாம்.

வடக்கில் வயலோரம் எல்லாம் மண்டிக் கிடப்பது காமன் மில்க்வீட். டெக்சாஸ், ஓக்லஹோமா பக்கம் வசந்தத்தில் முளைப்பது ஆன்ட்டிலோப்ஹார்ன் வகை. மெக்சிகோ மலையில் குளிர்காலத்தில் பிடித்தவற்றைச் சோதித்தார்கள்: பெரும்பாலானவற்றில் காமன் மில்க்வீட் வரிசை, வடக்கே பிறந்தவை என்று அர்த்தம். மார்ச் கடைசி, ஏப்ரலில் தென் மாநிலங்களில் பிடித்தவை: இறக்கை வெளிறி, ஓரம் கிழிந்து, அதே காமன் மில்க்வீட் வரிசை. ஆக இவைதான் மெக்சிகோவிலிருந்து வந்த கிழவிகள். அப்புறம் மே, ஜூனில் வட மாநிலங்களுக்கு வந்து சேர்ந்தவற்றைப் பிடித்தார்கள். இறக்கை பளிச்சென்று இருக்கிறது, புள்ளி வரிசை ஆன்ட்டிலோப்ஹார்ன். அதாவது தெற்கில் புழுவாக இருந்தவை, மெக்சிகோவைப் பார்த்தே இராதவை.

உங்கள் சந்தேகத்துக்கும் கொஞ்சம் இடம் இருக்கிறது. கிழிந்த இறக்கையோடு டெக்சாஸைத் தாண்டிக் கான்சஸ் பக்கம் வரை வந்து முட்டையிடுகிறவையும் உண்டு. ஆனால் அவை சிறு கூட்டம்தான், கனடா வரை வருகிற அலை அவற்றால் ஆனதில்லை.

கேள்விநாயகம்

இது ஆதாரம். ஸ்டிக்கர் கதையைவிட இது எவ்வளவோ மேல், இதை ஏன் எந்த வீடியோவிலும் சொல்வதில்லை என்றுதான் தெரியவில்லை. ஆனால் ஒன்று, இலைக்கலவை இடத்துக்கு இடம் மாறும்தானே? வடக்கிலேயே ஒரு மூலையில் ஆன்ட்டிலோப்ஹார்ன் இருந்தால்?

இலைப்புழு

இருந்தால் குழப்பம்தான். அதனால்தான் இறக்கைத் தேய்மானத்தையும் பிடித்த தேதியையும் சேர்த்தே பார்த்தார்கள். பின்னால் 1998இல் வேறு வழியிலும் பார்த்தார்கள். மழைநீரில் கன ஹைட்ரஜனின் அளவு வடக்கே போகப்போக மாறும், அது செடி வழியாகப் புழுவுக்குப் போய் இறக்கையில் பதிந்துவிடும். மெக்சிகோ மலையில் கிடந்த பூச்சிகளின் இறக்கையை வைத்து அவை எங்கே பிறந்தவை என்று வரைபடம் போட்டார்கள், ஏறக்குறைய பாதி அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் பிறந்தவை. செடிக்கணக்கோடு அது ஒத்துப்போகிறது.

ஸ்காபரோ ரஞ்சி

வணக்கம் பிள்ளையள். நாங்கள் டொராண்டோவில கன காலமா இருக்கிறம். எங்கட வீட்டுப் பின்வளவில மில்க்வீட் தானா முளைச்சு நிக்குது, நான் புழுவை எடுத்து உள்ளுக்கு வலைக்கூட்டில வைச்சு வளர்த்து, செப்டம்பரில திறந்து விடுறனான். வெளியில விட்டா குளவியும் சிலந்தியும் தின்று போடும், பாவம். இவர் சொல்றார் நான் வளர்த்தது ஒண்டும் மெக்சிகோ போயிராது, ஒண்டாரியோ ஏரியைத் தாண்டியே இராது எண்டு. உண்மையோ தம்பி?

இலைப்புழு

ரஞ்சி அக்கா, அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது, ஆனால் தீர்ப்பு இன்னும் வரவில்லை.

2019இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பார்த்தார்கள். விற்பனைக்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்த்த மோனார்க்குகளை இலையுதிர் காலத்தில் வெளியிலேயே வளர்த்து, பறக்கவிட்டு அளந்தபோது அவை கூட்டமாகத் தெற்கு நோக்கவில்லை. காட்டு வம்சத்துப் பூச்சிகளையும் அறைக்குள் இலையுதிர் காலம் மாதிரி வெளிச்சமும் குளிரும் வைத்து வளர்த்தார்கள், அவையும் தெற்கைப் பிடிக்கவில்லை. அதைப் படித்தவர்கள் வீட்டில் வளர்ப்பதே பாவம் என்று கிளம்பினார்கள்.

அப்புறம் 2021இல் உங்கள் பக்கத்தில், குவெல்ஃப் பல்கலைக்கழகக்காரர்கள் உள்ளே வளர்த்த பூச்சிகளின் மேல் குட்டி ரேடியோ கருவியை ஒட்டி வெளியே விட்டார்கள். கட்டிவைத்துச் சோதித்தபோது கொஞ்சம்தான் தெற்கே நோக்கின. திறந்து விட்டு ரேடியோவில் பின்தொடர்ந்தபோது ஏறக்குறைய எல்லாமே தெற்குப் பக்கமாகத்தான் போயின. வெளியே வந்து சில நாள் நிஜ சூரியனைப் பார்த்ததும் திசைமானி சரியாகிவிடுகிறதோ என்பது அவர்கள் எண்ணம். ஆக நீங்கள் விட்டது ஏரியைத் தாண்டியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். மெக்சிகோ வரை தாக்குப் பிடித்ததா என்பது வேறு விஷயம். ஒன்று செய்யலாம்: கூட்டை அறைக்குள் வைக்காமல் வராந்தாவில் வையுங்கள், பகல் சுருங்குவதும் இரவு குளிர்வதும் புழுவுக்கும் தெரியட்டும். நிறைய வளர்க்காதீர்கள், நெருக்கத்தில் நோய் பரவும்.

ஸ்காபரோ ரஞ்சி

சரி தம்பி, வராந்தாவுக்கு மாத்துறன். இவருக்கும் வாசிச்சுக் காட்டினனான். ரேடியோ பூட்டினா எடை தாங்குமோ எண்டு கேக்கிறார்.

செங்கோட்டைச் சேகர்

எல்லோருக்கும் நன்றி, மகள் விஷம் கதையை நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஆனால் என் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. தெற்கே போ என்று எது சொல்கிறது, திரும்பி வடக்கே போ என்று எது சொல்கிறது? இதில் இன்னொரு கஷ்டம் பாருங்கள், போவதும் கிளம்பி வருவதும் ஒரே பூச்சி. நவம்பரில் தெற்கு, மார்ச்சில் வடக்கு. நடுவில் என்ன மாறுகிறது?

ரியாத் பாபு

நடுவில் நான் கொஞ்சம். பெயின்டட் லேடி என்று ஒன்று இருக்கிறது, இங்கே பாலைவனத்தில் சில வருடம் மார்ச் மாதம் கார் கண்ணாடியில் அப்பும். சஹாராவுக்குத் தெற்கேயிருந்து ஸ்காண்டிநேவியா வரை போய்த் திரும்பும், மொத்தச் சுற்று 15,000 கிலோமீட்டர் வரை. மோனார்க் மாதிரி குளிர்காலத்தில் ஓய்வெடுக்கும் தலைமுறையே அதில் கிடையாது, வருடம் முழுக்க முட்டை, புழு, பறப்பு, முட்டை. அதைவிடப் பெரிய ஆச்சரியம் இதுதான் என்பது என் கட்சி.

இலைப்புழு

பாபு, தூரத்தில் உங்கள் கட்சிக்கே ஓட்டு. ஆனால் அதிலும் பங்கீடு சமமில்லை, இலையுதிர் காலத்தில் ஐரோப்பாவில் பிறந்ததே கடலையும் சஹாராவையும் ஒரே ஆளாகத் தாண்டிவிடுகிறது.

சேகர், இப்போது உங்கள் கேள்வி. முதலில் திசை. மோனார்க் சூரியனைப் பார்த்துத் திசை பிடிக்கிறது. ஆனால் சூரியன் காலையில் கிழக்கு, மாலையில் மேற்கு. வெறுமனே சூரியனைப் பிடித்துக்கொண்டு போனால் நாள் முழுக்க வளைந்து வளைந்துதான் போகும். மணி என்ன என்று தெரிந்தால்தான் சூரியன் உதவும். அந்தக் கடிகாரம் மூளையில் இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2009இல் ஸ்டீவன் ரெப்பர்ட்டின் ஆய்வுக்கூடத்தில் அது உணர்கொம்பில் இருக்கிறது என்று காட்டினார்கள்.

செய்த விதம் அழகானது. பீப்பாய் மாதிரி ஒரு பாத்திரம், மேலே திறந்த வானம், அடியிலிருந்து லேசாகக் காற்று. பூச்சியின் முதுகில் மெல்லிய கம்பியை ஒட்டி நடுவில் தொங்கவிடுவார்கள், அது இஷ்டம்போல் திரும்பித் திரும்பிப் பறக்கும், எந்தப் பக்கம் நோக்குகிறது என்று பதிவாகும். உணர்கொம்பை வெட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் போனது. அப்புறம் வெட்டாமல் கருப்பு எனாமல் பெயின்ட் பூசினார்கள், வெளிச்சம் புகாது. அவை ஒழுங்காக நேராகத்தான் பறந்தன, ஆனால் எல்லாம் சேர்ந்து தப்பான திசையில். நிறமில்லாத பெயின்ட் பூசியவை சரியாகத் தெற்கே போயின. பெயின்ட் பாரம் காரணமில்லை, வெளிச்சம் படாததால் கடிகாரம் பிசகியதுதான் காரணம் என்று ஆயிற்று.

இப்போது திரும்புவது. பேட்ரிக் குவெராவும் ரெப்பர்ட்டும் 2013இல் வெளியிட்டது. இலையுதிர் காலத்தில் தெற்கே போய்க்கொண்டிருந்தவற்றைப் பிடித்து, மெக்சிகோ மலைக் குளிரை ஒத்த குளிரில் 24 நாள் வைத்தார்கள். பகல் நீளத்தை இலையுதிர் காலத்தில் இருந்தபடியே வைத்துவிட்டார்கள், மாறியது குளிர் மட்டும்தான். வெளியே எடுத்துப் பறக்கவிட்டால் வடக்கே நோக்கின. குளிர் காட்டாமல் வைத்திருந்தவையோ, மார்ச் மாதம் ஆகியும், சக தோழிகள் எல்லாம் மெக்சிகோவிலிருந்து கிளம்பிவிட்ட காலத்திலும், விடாமல் தெற்கே பார்த்தன.

அந்த மலைக் குளிர் வெறும் ஐஸ்பெட்டி வேலை மட்டும் செய்யவில்லை. கொழுப்பு தீராமல் மார்ச் வரை காப்பதும் அதுதான், திசையை மாற்றிவிடுவதும் அதுதான். காட்டை வெட்டி மரக்கூரையில் ஓட்டை விழுந்தாலோ குளிர்காலமே வெப்பமாகிப் போனாலோ இரண்டும் கெடும் என்கிற பயம் அங்கேயிருந்துதான் வருகிறது.

கேள்விநாயகம்

திசை சரி. இடம்? தெற்கு என்றால் மெக்சிகோ முழுக்கத் தெற்குதான், அதில் மிச்சோகானில் நாலைந்து மலைச்சரிவு. உள்ளே வரைபடம் எழுதியிருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள்.

இலைப்புழு

சொல்ல மாட்டேன், ஏனென்றால் இல்லை என்பதற்குத்தான் ஆதாரம் இருக்கிறது. ஒண்டாரியோவில் பிடித்தவற்றை ஹென்ரிக் மோரிட்சன் குழு 2,500 கிலோமீட்டர் மேற்கே கால்கரிக்குக் கொண்டுபோய் அதே பீப்பாயில் தொங்கவிட்டது. வரைபடம் இருந்திருந்தால் "அடடா, மேற்கே தள்ளி வந்துவிட்டோம்" என்று தென்கிழக்கே திரும்பியிருக்க வேண்டும். அவை ஒண்டாரியோவில் போன தென்மேற்கு வாக்கிலேயே போயின. திசைமானி உண்டு, இருக்கும் இடம் தெரியாது.

அப்புறம் நிலப்பரப்பு கொஞ்சம் உதவுகிறது. மேற்கே ராக்கி மலை, கிழக்கே மெக்சிகோ வளைகுடா, ஏறமுடியாதது ஒரு பக்கம், தண்ணீர் மறுபக்கம். நடுவில் தெற்கேயும் தென்மேற்கேயும் போகிற எல்லாம் டெக்சாஸ் வழியாக ஒடுங்கி மெக்சிகோ மலைத்தொடரில் போய்ச் சேரும். ஆனால் கடைசி நூறு கிலோமீட்டரில் ஏன் அந்தச் சரிவு, ஏன் வருடா வருடம் ஏறக்குறைய அதே தோப்பு? உயரமும் ஈரமும் குளிரும் பொருந்தும் காடு என்பதா, போன வருடம் செத்தவற்றின் வாசனையா, நிறைய பேச்சு இருக்கிறது. எதையும் யாரும் நிரூபிக்கவில்லை.

மதுரைவீரன்82

வாசனைதான். எறும்பு அப்படித்தானே போகிறது.

ஹூஸ்டன் கார்த்தி

இலைப்புழு அண்ணா, டெக்சாஸ் என்று வந்ததால் கேட்கிறேன். ஹூஸ்டனில் என் தோட்டத்தில் நர்சரியில் வாங்கிய மில்க்வீட் இருக்கிறது, சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும், டிசம்பரிலும் பச்சையாகவே நிற்கும். இந்த மார்ச் நடுவில் ஒரே நாளில் இரண்டு பெண் மோனார்க் வந்து முட்டை வைத்தன. ஒன்று நிறமே போய் வெளிர் ஆரஞ்சு, பின்னிறக்கையில் ஒரு துண்டு காணோம், பொடி எல்லாம் உதிர்ந்து கண்ணாடி மாதிரி ஆங்காங்கே தெரிகிறது. மற்றது புதுசு மாதிரி பளபள. முதலாவது மெக்சிகோவிலிருந்து வந்ததா? அப்படியானால் இரண்டாவது?

இலைப்புழு

முதலாவது மெக்சிகோக்காரி என்று தோன்றுகிறது. நாலு மாதம் கிளையில் தொங்கி, போகவர பறந்தால் அப்படித்தான் ஆகும். ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன், அதற்குக் காரணம் உங்கள் செடி. அது அங்கத்திய மில்க்வீட் இல்லை, வெப்பமண்டலத்துச் செடி. உள்ளூர் மில்க்வீட் குளிர்காலத்தில் பட்டுப்போகும், இது போகாது. பச்சை இலை கண்ணில் பட்டால் போகிற வழியில் சிலது பயணத்தை விட்டுவிட்டு முட்டையிட ஆரம்பித்துவிடும், குளிர்காலம் முழுக்க ஹூஸ்டனிலேயே குடும்பம் நடக்கும். இரண்டாவது அநேகமாக அந்தக் குடும்பத்துப் பெண். முதலாவதும் உள்ளூரிலேயே கிழவியானவளாக இருக்கலாம். இறக்கைத் துண்டைச் சோதித்தால் தெரியும், கண்ணால் பார்த்து முடியாது.

கஷ்டம் அதோடு நிற்பதில்லை. மோனார்க்குக்கு ஒரு ஒட்டுண்ணி உண்டு, வித்துகள் பூச்சியின் வயிற்றுச் செதில்களில் ஒட்டியிருக்கும், முட்டையிடும்போது இலையில் உதிரும், புழு இலையோடு தின்றுவிடும். நோய் முற்றினால் கூட்டிலிருந்து வெளியே வரும்போதே இறக்கை சுருண்டு கிடக்கும். பயணம் போகும் கூட்டத்தில் நோயாளி வழியில் விழுந்துவிடும், செடியும் குளிர்காலத்தில் பட்டுப்போகும், வித்து தங்காது. உங்கள் செடி வருடம் முழுக்க நிற்பதால் வித்தும் வருடம் முழுக்க நிற்கிறது. மெக்சிகோவிலிருந்து வந்த கிழவி அந்த இலையில் முட்டையிட்டால் பிள்ளைகள் முதல் கடியிலேயே அதைத் தின்னும். அக்டோபர் வாக்கில் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டிவிடுங்கள், குளிர்காலத்தில் துளிர்த்தால் மறுபடி வெட்டுங்கள். முடிந்தால் ஆன்ட்டிலோப்ஹார்ன் விதை வாங்கிப் போடுங்கள், நாற்றாக நட்டால் வேர் பிடிக்க அழும்.

ஹூஸ்டன் கார்த்தி

வெட்டிவிடுகிறேன். சுருண்ட இறக்கையோடு இரண்டைப் பார்த்தேன், கூட்டிலிருந்து விழுந்து அடிபட்டிருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் பக்கத்து வீட்டில் இதே செடி என்னுடையதைவிட இரண்டு மடங்கு. அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை, பூச்சிக்குச் சோறு போடுகிறோம் என்று பெருமையாக வாசலில் பலகையே வைத்திருக்கிறார்.

கோவை தோட்டக்காரி

படம் போட்டாயிற்று, மேலே பாருங்கள். வெந்தய வரியன் என்றால் இதற்கும் அந்த வித்து நோய் வருமா? எருக்கும் எங்கள் ஊரில் வருடம் முழுக்கப் பச்சையாகத்தானே நிற்கிறது.